அப்பச்சி குதிகாலில் வந்த ரோஸ் கட்டி

காரைக்குடி மகள்: போன தைப்பூசத்துக்கு அப்பச்சி பழனிக்கு நடந்து போய் வந்தார்கள். இரண்டு மாதம் கழித்து குதிகாலில் பட்டாணி அளவில் ஒரு சதை வந்தது. ரோஸ் நிறம், வலி இல்லை. வழியில் முள் குத்திய இடம் என்று எல்லோரும் நம்பினோம். லேசாக உரசினாலே ரத்தம் வரும். ஆத்தங்குடிக் கல்லில் சொட்டுவதை ஆத்தா துடைத்துக்கொண்டே இருப்பார்கள். ரத்தக்கட்டி என்று ஒரு டாக்டர் மருந்து வைத்துச் சுட்டார். மூன்று வாரத்தில் மறுபடி வந்தது. வேறு இடத்தில் சீவி எடுத்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை மதுரையில் பயாப்சி எடுத்தோம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய். "இதில் கறுப்பே இல்லையே" என்று அப்பச்சி இன்னும் கேட்கிறார்கள்.

தேவகோட்டைக்காரன்: மெலனோமா வெயில் பட்டு வெள்ளைக்காரர்களுக்கு வருவது. நமக்கு வந்தாலும் கறுப்பு மச்சம்தான் ஓரம் கோணலாகிப் பெரிதாகும். ரிப்போர்ட் மாறியிருக்கலாம், ஸ்லைடை இன்னொரு லேபில் காட்டுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: பயப்படாதே ஆத்தா. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது என் ஈறிலும் இப்படித்தான் சிவப்பாக வந்து, தொட்டால் ரத்தம் வந்தது. பிரசவத்துக்கு அப்புறம் தானே வற்றிப்போனது.

ஓய்வுபெற்ற பெத்தாலஜி டாக்டர்: ஆச்சிக்கு வந்தது வேறு, அது சாதுவான ரத்தநாளக் கட்டி. சிக்கலே அதுதான்: இரண்டும் சிவப்பு, இரண்டும் சீக்கிரம் வளரும், இரண்டிலும் ரத்தம் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நிறமி செய்யும் செல்லில்தான் இந்தப் புற்றுநோயும் தொடங்குகிறது. அந்த செல் நிறமி செய்வதை விட்டுவிட்டால் கறுப்பு எங்கிருந்து வரும்? கறுப்பைத் தேடும் பழைய விதிகள் இங்கே கைகொடுக்காது. மேடாக, கெட்டியாக, ஒரு மாதத்துக்கு மேலும் வளர்ந்துகொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு மெலனோமா அதிகம் வருவது வெயில் படாத உள்ளங்காலில். ஸ்லைடை இன்னொருவர் பார்ப்பது நல்லதுதான். நிறமி இல்லாததால் மைக்ராஸ்கோப்பிலும் குழப்பும். எஸ்-100, எச்எம்பி-45 மாதிரி சாயம் போட்டுத்தான் உறுதி செய்வோம். சுட்டுவிட்டால் பார்க்கச் சதையே மிஞ்சாது. எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதும் தெரியாமல் போகும். சிகிச்சையே அந்த ஆழத்தை வைத்துத்தான்.

காரைக்குடி மகள்: சாயம் போட்டுத்தான் சொன்னார்கள், டாக்டர். இப்போது 3 மில்லிமீட்டர் ஆழம். சுற்றிலும் 2 சென்டிமீட்டர் விட்டு எடுத்து, தொடையிலிருந்து தோல் ஒட்டியிருக்கிறார்கள். முள் குத்தியதால்தான் வந்ததா?

ஓய்வுபெற்ற பெத்தாலஜி டாக்டர்: அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. முன்பே இருந்தது, முள் குத்திய பிறகு கண்ணில் பட்டிருக்கலாம். பரவியிருக்கிறதா என்று பார்க்க இடுப்பு மடிப்பில் நெறிக்கட்டி எடுத்தார்களா?

காரைக்குடி மகள்: ஒன்று எடுத்தார்கள். வியாழக்கிழமை ரிப்போர்ட் வரும்.

பள்ளத்தூர் ஆச்சி: தெரியாமல் சொல்லிவிட்டேன் ஆத்தா. வியாழக்கிழமை எனக்கும் சொல்லு.