ஆப்பத்தின் ஓரம் முறுகலாக வருவது எப்படி? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவை: எங்கள் வீட்டில் ஆப்பம் நடுவில் பஞ்சு மாதிரி வருகிறது. ஓரம் மட்டும் தோசை போலத் தடித்துவிடுகிறது. 2 கப் பச்சரிசி, 1 கப் தேங்காய்த் துருவல், ஒரு பிடி சோறு, கால் டீஸ்பூன் ஈஸ்ட். இரவு அரைத்துக் காலையில் ஊற்றுகிறேன். எதை மாற்றலாம்?

மதுரை: ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடுங்கள். பொத்தல் பொத்தலாக வரும்.

நாகர்கோவில்: பொத்தல் வரும் தம்பி, அது சரிதான். ஆனால் கொஞ்சம் கூடினால் மாவு மஞ்சளடித்து, சவுக்கார வாடை வந்துவிடும். புளித்த மாவுக்குச் சோடாவே தேவையில்லை. கோவைக்காரருக்கு மாவு கெட்டி என்றுதான் எனக்குப் படுகிறது. புளித்ததும் மாவு பொங்கிக் கெட்டியாகத் தெரியும். அதை அப்படியே ஊற்றாதீர்கள். அரை கப் தேங்காய்ப்பால், சிறிது சர்க்கரை, உப்பு சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். கரண்டியிலிருந்து ஊற்றும்போது தோசை மாவைவிட நீர்க்க, தடையில்லாமல் ஒழுக வேண்டும். கால் மணி நேரம் விட்டால் மேலே சின்னக் குமிழிகள் வரும். அப்போது சட்டியை வையுங்கள்.

அடுத்தது சூடு. ஒரு கரண்டி ஊற்றி உடனே சட்டியைச் சுழற்றும்போது ஓரத்தில் மெல்லிய படலம் ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் படலம்தான் வலை வலையாக முறுகும். மாவு வழுக்கி மொத்தமும் நடுவுக்கு இறங்கினால் சூடு போதவில்லை, அல்லது எண்ணெய் அதிகம். ஊற்றிய இடத்திலேயே இறுகி, சுழற்ற வராமல் நின்றால் சூடு அதிகம். சுழற்றியதும் தீயைக் குறைத்து மூடுங்கள். ஓரம் பொன்னிறமாகித் தானே சட்டியை விட்டு எழும்பும்.

திருச்சி: நாங்கள் உளுந்தும் வெந்தயமும் போட்டு அரைப்போம். ஆறினாலும் மெத்தென்று இருக்கும். ஆனால் இந்த ஓரம் வராது, உண்மை.

யாழ்ப்பாணம்: எங்கட அம்மா ஈஸ்டே போடமாட்டா. கள்ளு விட்டுத்தான் புளிக்க வைப்பா. அந்த வாசம் ஈஸ்டில வராது. கெட்டித் தேங்காய்ப்பாலை மாவில கலக்காமல், சுழற்றின பிறகு நடுவில ஒரு கரண்டி விடுவா. அதுதான் பாலப்பம். ஓரம் முறுகும், நடு இளகி இருக்கும்.

சேலம்: நெய்யில் பொரிக்கும் வெல்ல அப்பத்துக்கும் இதே மாவுதானா?

நாகர்கோவில்: இல்லைம்மா, அது வேறு. யாழ்ப்பாணத்து முறை நல்ல முறைதான். ஆனால் பாலை மாவிலேயே கலந்தால் ஓரத்துக்கும் நிறமும் ருசியும் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

கோவை: அக்கா, இன்று காலை பாலும் தண்ணீரும் விட்டு நீர்க்கக் கரைத்து ஊற்றினேன். ஓரம் கண்ணாடி மாதிரி மெலிந்து, தொட்டால் நொறுங்கியது. நடு மட்டும் கொஞ்சம் தட்டையாகிவிட்டது.

நாகர்கோவில்: தண்ணீர் ஒரு மடக்கு கூடிவிட்டது. அடுத்த முறை அரைத்த மாவில் 2 கரண்டி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு மாவில் கலந்து புளிக்க வையுங்கள். சூடாகக் கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும். கஞ்சி சேர்த்தால் சோறு வேண்டாம்.

மதுரை: எங்களுக்குச் சோறே போதுமாக இருக்கிறது அக்கா.