வயிற்று டயாலிசிஸ்: எடை மாறாத நோயாளியும் பைப் பதிவேடும் (அனுபவப் பகிர்வு)

தொடக்கப் பதிவு: உணவியல் நிபுணர், செந்தூல்

வீட்டிலேயே நாளுக்கு நான்கு முறை, பையிலிருந்து நீரை வயிற்றுக்குள் விட்டுப் பிறகு வடித்து, வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் 58 வயது அம்மா ஒருவரை அவருடைய மகள் என்னிடம் அழைத்து வந்தார். ஆறு மாதங்களாக அவர் எடை 62 கிலோவிலேயே நின்றதால் சாப்பாடு சரியாக இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் கெண்டைக்கால் சதை தளர்ந்து தொங்கியது. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி உடனே மூடவில்லை.

வயிற்றிலிருந்த இரண்டு லிட்டர் நீரை வடித்துவிட்டு நிறுத்தபோது எடை 60 கிலோ. வீக்கத்தையும் கழித்து மருத்துவர் கணித்த உலர் எடை 56. ஆறு மாதம் முன்பு வீக்கம் இல்லாதபோது இதே கணக்கு 60 ஆக இருந்திருக்கிறது. நான்கு கிலோ உடற்சதை போன இடத்தில் நான்கு கிலோ நீர் வந்து உட்கார்ந்திருந்தது. தராசு அதைக் காட்டவில்லை.

மூன்று நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுதினேன். பசியாறலுக்குத் தோசையும் சாம்பாரும், பகலில் சோறும் ரசமும் ஒரு துண்டு மீனும், மாலையில் தேநீரும் பிஸ்கட்டும், இரவில் மறுபடியும் தோசை. செவ்வாயும் வெள்ளியும் சைவம். புரதம் நாளுக்கு 38 கிராமைத் தாண்டவில்லை.

வடியும் நீரில் எவ்வளவு புரதம் போகிறது என்று அளக்க, 24 மணி நேர நீரையும் கொண்டுவரச் சொன்னேன். மகளோ, விடிகாலையில் வடித்த பையிலிருந்து மட்டும் ஒரு சிறு குப்பி எடுத்து வந்தார். இரவு முழுவதும் வயிற்றில் தங்கிய நீர் அது என்பதால் லிட்டருக்கு 2 கிராம் காட்டியது. அதை நாள் முழுவதன் அளவால் பெருக்கினால் இழப்பு 18 கிராம் என்று வரும். அதை ஏற்காமல், நான்கு பைகளையும் நிறுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுக்கச் சொன்னேன். இரண்டாம் முறை 9.2 லிட்டரில் லிட்டருக்கு 1.1 கிராம், அதாவது சுமார் 10 கிராம் போயிருந்தது. உண்ட 38 கிராமில் கால் பங்குக்கு மேல் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து குளுக்கோஸ். பை நீரில் டெக்ஸ்ட்ரோஸாகக் கலந்திருக்கும் சர்க்கரை அது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது 1.5 சதவீதப் பை மூன்றும் 2.5 சதவீதப் பை ஒன்றும். அதை வைத்தே கணக்குப் போட உட்கார்ந்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று மகள் வைத்திருந்த பதிவேட்டைப் புரட்டினேன். வீக்கம் கூடியதிலிருந்து, மூன்று வாரமாக, 1.5 ஒன்று, 2.5 இரண்டு, 4.25 ஒன்று என்றே பைகள் போயிருந்தன. இரண்டு லிட்டர் பைகளில் மொத்த டெக்ஸ்ட்ரோஸ் 30, 100, 85 சேர்ந்து 215 கிராம். அதில் அறுபது சதவீதம் உடலில் ஏறுகிறது என்று கொண்டால் 129 கிராம், கிராமுக்கு 3.4 கிலோகலோரி வீதம் சுமார் 440. சீட்டில் இருந்தபடி கணக்கிட்டிருந்தால் 285தான் வந்திருக்கும்.

வலுவான பை எதற்காக என்று கேட்டபோது விடை சமையலறையில் கிடைத்தது. பசி இல்லாததால் ஊறுகாயும் கருவாடும் இல்லாமல் சோறு இறங்கவில்லை. உப்பு தாகத்தையும் வீக்கத்தையும் கூட்டியது; வீக்கத்துக்காக, நீரை அதிகம் இழுக்கும் 4.25 பை போட்டார்கள். அதிலிருந்து ஏறிய சர்க்கரையும் வயிற்றில் கனத்த நீரும் பசியை இன்னும் அடைத்தன. ஆகவே என் திட்டத்தின் முதல் வரி புரதம் அல்ல, உப்பு.

பதில்: உணவியல் நிபுணர், பட்டர்வொர்த்

நல்ல பதிவு, ஐயா. நான் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் வீதம் புரதத்தைக் கணக்கிட்டு, அதன்மேல் வடிநீரில் போகும் 10 கிராமையும் கூட்டி எழுதுவேன். 56 கிலோவுக்கு 67 கிராமும் பத்தும் சேர்ந்து 77 ஆகிறது. போனதை ஈடுகட்ட வேண்டும் அல்லவா?

பதில்: ஓய்வுபெற்ற சிறுநீரக உணவியல் நிபுணர், ஜார்ஜ்டவுன்

ஈடுகட்ட வேண்டும் என்பது சரி, தம்பி. இரண்டு முறை ஈடுகட்டத் தேவையில்லை. வயிற்று டயாலிசிஸ் செய்பவருக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் என்று சொல்லும்போதே, நாளுக்கு 5 முதல் 15 கிராம் வரையிலான வழக்கமான இழப்பு அதற்குள் அடங்கிவிடுகிறது. வயிற்றில் தொற்று வந்து நீர் கலங்கும்போது இழப்பு பல மடங்கு கூடும். தேவையை மறுபடி பார்க்க வேண்டிய நேரம் அது. பசியே இல்லாதவருக்கு 77 என்று எழுதினால் தாள் நிறையும், தட்டு நிறையாது. பாஸ்பரசும் கூடவே ஏறும்.

பதில்: ஒரு மகன், பிரிக்பீல்ட்ஸ்

என் அப்பா வாரத்துக்கு மூன்று முறை மையத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்கிறார். அவருடைய நீரையும் நாங்கள் சேகரித்துக் கொடுக்க வேண்டுமா? வாழைப்பழம் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: செந்தூல்

வேண்டாம், சகோதரரே. அப்பாவுக்கு நடப்பது இரத்த டயாலிசிஸ். வயிற்றில் நீர் நிரப்புவதில்லை, சர்க்கரை இவ்வழியில் ஏறுவதும் இல்லை. இந்த அம்மாவுக்குப் பொட்டாசியம் 3.2 ஆகக் குறைந்திருந்ததால் வாழைப்பழம் கொடுத்தேன். அதைப் பார்த்து அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில்: நோயாளி, ஆயர் ஈத்தாம்

நான் இரவில் இயந்திரத்தில் வயிற்று டயாலிசிஸ் செய்கிறேன். காலையில் இரத்தச் சர்க்கரை 14 மில்லிமோல் காட்டும். இரவுச் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. இரவுப் பைகளில் வலுவானது ஒன்று இருந்ததைச் செவிலியர் கண்டுபிடித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. எனக்கும் அறுபது சதவீதம்தானா?

பதில்: ஜார்ஜ்டவுன்

இல்லை, அம்மா. இயந்திரத்தில் நீர் குறைந்த நேரமே தங்குவதால் நாற்பது சதவீதத்தை ஒட்டிக் கணக்கிடுவது வழக்கம். ஆளின் வயிற்றுச் சவ்வைப் பொறுத்தும் மாறும்; வேகமாகக் கடத்தும் சவ்வு உள்ளவரிடம் சர்க்கரை அதிகமாக உள்ளே போகும், புரதமும் அதிகமாக வெளியே வரும். வடிந்த நீரில் மீதமுள்ள குளுக்கோஸை ஆய்வகத்தில் அளந்து கழித்துப் பார்ப்பதே உறுதியான வழி.

தொடர்ச்சி: செந்தூல்

எழுதிக் கொடுத்த திட்டத்தைக் கேட்டிருந்தார்கள். தாளின் தலைப்பில் தேதி, உலர் எடை, அன்றைய பைகள், அவற்றிலிருந்து ஏறும் கலோரி. நாளுக்குத் தேவை கிலோவுக்கு 30 கலோரி வீதம் 1680. அதில் 440 பையிலிருந்து வருவதால் உணவிலிருந்து 1240. புரதம் 62 கிராம். தீப்பெட்டி அளவு மீனிலோ கோழியிலோ 7 கிராம் புரதம் என்று மகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். காலையில் தோசையுடன் ஒரு முட்டை, பகலில் கெம்போங் மீன் இரண்டு தீப்பெட்டி, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் இரண்டு முட்டை வெள்ளை, இரவில் கோழி இரண்டு தீப்பெட்டி. இவற்றில் 42 கிராம், மீதி சோறு, தோசை, பருப்பிலிருந்து. செவ்வாய், வெள்ளிக்குத் தனித் தாள்: மீன், கோழி, முட்டையின் இடத்தில் தவ்வும் தெம்பேயும். பையை வடித்த பிறகு, புதிதாக நிரப்பும் முன், சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதினேன்.

எட்டு வாரத்தில் கருவாடு நின்று வீக்கம் வடிந்தது. மருத்துவர் பழைய பைகளுக்கே திரும்பினார். பையிலிருந்து வருவது 285 ஆகக் குறைந்ததால் அதே தாளை வைத்திருந்தால் நாளுக்கு 155 கலோரி குறைந்திருக்கும். புதிய தேதியிட்டு, மாலையில் இரண்டு இட்லி சேர்த்து, எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி மாற்றினேன்.

இரத்தப் புரதமான அல்புமின் மட்டும் 28இலிருந்து 29க்கே வந்திருக்கிறது.

பதில்: ஜார்ஜ்டவுன்

அதைச் சாப்பாட்டின் தலையில் போடாதீர்கள். குழாய் வெளிவரும் இடம் சிவந்திருக்கிறதா, அழற்சியைக் காட்டும் சிஆர்பி இரத்தச் சோதனை எடுத்தார்களா என்று பாருங்கள். அழற்சி இருந்தால் எவ்வளவு முட்டை கொடுத்தாலும் அல்புமின் ஏறாது.

பதில்: செந்தூல்

சிஆர்பி இன்னும் எடுக்கவில்லை, அக்கா. குழாய் பக்கத்தில் லேசாகச் சிவந்திருப்பதாக மகள் சொல்கிறார். நாளையே காட்டச் சொல்லியிருக்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.