கலைச்சொல் வேண்டும்: ரெப்போவின் இரண்டு விலைக்குள் இருக்கும் வட்டிக்கு

மதிவாணன்:

வணக்கம். விரிதாள் செயலியின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கும் வேலை INTRATE என்ற கணக்கீட்டுச் சார்பில் வந்து நிற்கிறது. போட்ட பணம், திரும்ப வந்த பணம், இரண்டு தேதிகள் கொடுத்தால் ஆண்டு வட்டி என்ன என்று சொல்லும். விளக்கத்துக்கு ரெப்போவை எடுத்திருக்கிறேன். பணம் தருபவர் கடன்பத்திரத்தை ஒரு விலைக்கு வாங்குகிறார், பேசிய நாளில் அதே ஆளிடம் கூடுதல் விலைக்குத் திருப்பிக் கொடுக்கிறார். அந்த வித்தியாசம்தான் வட்டி. விலையிலிருந்து கறந்தெடுக்கும் இந்த வட்டிக்கு என்ன பெயர்? பணம் தந்தவர் ஈட்டுவது என்பதால் 'ஈட்டு வீதம்' என்று யோசித்தேன்.

முருகேசன்:

இதற்கு எதற்குப் புதுப்பெயர்? 'ரெப்போ வட்டி விகிதம்' என்று பேப்பரில் வருகிறதே. ரிசர்வ் வங்கி அதை ஏற்றினால் என் வீட்டுக்கடன் தவணையும் ஏறுகிறது. அதையே போடுங்கள்.

சிவகாமி:

முருகேசன் சார், நீங்கள் சொல்வது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் கொள்கை விகிதம். மதி கேட்பது வேறு. சந்தையில் வங்கிகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் தங்களுக்குள் செய்யும் ஒவ்வொரு ரெப்போவுக்கும் தனித்தனி வட்டி உண்டு. அது கொள்கை விகிதத்தை ஒட்டியே போகும், ஆனால் அதுவே அல்ல.

நான் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் டீல்களைச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறேன். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். விற்ற விலை ₹9,84,00,000. பதினான்கு நாள் கழித்துத் திரும்ப வாங்கும் விலை ₹9,86,35,890. வித்தியாசம் ₹2,35,890. இதை விற்ற விலையால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 14-ஆல் வகுத்தால் 6.25 சதவீதம்.

```
=INTRATE(A2;B2;C2;D2;3)
```

A2, B2-இல் இரண்டு தேதிகள், C2-இல் விற்ற விலை, D2-இல் திரும்ப வாங்கும் விலை. கடைசியில் இருக்கும் 3 முக்கியம். அது 365 நாள் கணக்கு, இந்திய வழக்கம். அமெரிக்க டாலர் ரெப்போவுக்கு 360 நாள், அங்கே 2 போட வேண்டும். இதே விலைகளுக்கு 360 போட்டால் 6.16 வரும். பணம் ஒன்றுதான், சொல்லும் எண் மாறுகிறது. அதனால் பெயர் எதுவானாலும் நாள் அடிப்படையைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

'ஈட்டு வீதம்' மட்டும் வேண்டாம். 'ஈடு' என்றால் அடமானம். ஈட்டுப் பத்திரம், ஈட்டுக் கடன் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது அடமானத்தின் வீதமாகத்தான் தெரியும். ரெப்போவில் ஈடாக இருப்பது கடன்பத்திரம், அதை வெளியிட்டவர் தவணைதோறும் தரும் கூப்பன் வட்டி முற்றிலும் வேறு.

ரஹீம்:

ஒரு திருத்தம். வட்டியைத் திரும்ப வாங்கும் விலையால்தானே வகுக்க வேண்டும்? அரசின் குறுகிய காலக் கடன்சீட்டான கருவூல உண்டியலை முதிர்வுத் தொகையில் தள்ளுபடி செய்து பேசுவார்களே, அதே முறை. நான் போட்டால் 6.24-க்குக் கிட்ட வருகிறது. அப்படியானால் 'தள்ளுபடி வீதம்' என்ற பழைய சொல்லே போதும்.

சிவகாமி:

ரஹீம் பாய், அமெரிக்க உண்டியலுக்கு அப்படிப் பேசும் வழக்கம் உண்டு, அதுவரை சரி. இங்கே பணம் தந்தவர் கையை விட்டுப் போனது 9.84 கோடி. வட்டி அதன்மேல்தான். பதினான்கு நாளில் வித்தியாசம் சிறிது, அதனால் கண்ணில் படவில்லை. நாள் கூடக்கூட விலகிக்கொண்டே போகும்.

எங்கள் மேசையில் அடிக்கடி பார்க்கும் தவறு இதுவல்ல, நாளை எண்ணுவதுதான். பணம் போன நாளையும் வந்த நாளையும் சேர்த்துப் பதினைந்து என்று போட்டால் 6.25 என்பது 5.83 ஆகிவிடும். வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கள் வாங்கும் ரெப்போவைப் பேச்சில் 'ஓவர்நைட்' என்போம், கணக்கில் அது மூன்று நாள். ஒன்று என்று போட்டால் 18.75 வரும். அக்கம்பக்க டீல்கள் ஆறேகாலில் இருக்கும்போது ஒன்று மட்டும் மும்மடங்காக நின்றால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

முருகேசன்:

எனக்கு ஒரு சந்தேகம் அம்மா. ஐந்து லட்சம் கொடுத்து ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்தேன். மூன்று வருடம் குடியிருந்தோம், காலி செய்தபோது அதே ஐந்து லட்சம் வந்தது. உங்கள் கணக்குப்படி எனக்கு வட்டி சைபரா?

சிவகாமி:

நல்ல கேள்வி சார். வாய்பாடு சைபர் என்றுதான் சொல்லும். அதற்குத் தெரிவது இரண்டு விலையும் நாளும் மட்டுமே. உங்கள் வட்டி, கொடுக்காத வாடகையாக நடுவிலேயே வந்துவிட்டது.

ரெப்போவிலும் இது நடக்கும். 'செல்-பை பேக்' வகையில், இடையில் கூப்பன் வந்தால் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவரே அதை வைத்துக்கொண்டு, திரும்ப வாங்கும் விலையில் கழித்துவிடுவார். மேலே சொன்ன டீலில் ₹35 லட்சம் கூப்பன் வந்தது என்று வையுங்கள். திரும்ப வாங்கும் விலை ஏறத்தாழ ₹9.51 கோடிக்கு இறங்கும். அதை அப்படியே INTRATE-இல் கொடுத்தால் கழித்தல் 86 சதவீதத்துக்கு மேல் காட்டும்! கூப்பனையும், அது கையில் இருந்த மிச்ச நாட்களுக்கான சிறு வட்டியையும் திரும்பக் கூட்டினால்தான் 6.25 வரும். கூப்பனை வந்த அன்றே பத்திரக்காரருக்கு அனுப்பிவிடும் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

யோகநாதன்:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். இலங்கை மத்திய வங்கியின் தமிழ் வெளியீடுகளில் 'மீள்கொள்வனவு', 'நேர்மாற்று மீள்கொள்வனவு' எண்ட சொற்கள் கன காலமாக இருக்கு. 2014-இல் கொள்கை வீதங்களின் பெயரைத் 'துணைநில் வைப்பு', 'துணைநில் கடன்வழங்கல்' எண்டு மாத்தினாலும், கொடுக்கல் வாங்கலுக்கு மீள்கொள்வனவு எண்ட சொல் நிலைச்சிட்டுது. அதோட 'வீதம்' எண்டே வையுங்கோ. விகிதம் எண்டால் எங்களுக்கு ஒண்டுக்கு இத்தனை எண்ட ஒப்பீடு.

நான் முன்வைப்பது: 'மீள்கொள்வனவு உட்கிடை வீதம்'. உட்கிடை ஒப்பந்தம் எண்டு சட்டத்தமிழில் ஏற்கெனவே புழங்குது.

மதிவாணன்:

'வீதம்' எனக்கும் சம்மதம். பள்ளிக் கணக்கில் நாமும் அசல், வட்டி வீதம், காலம் என்றுதான் படித்தோம். உட்கிடைக்குப் பதில் 'உள்ளுறை' எப்படி? உள்ளுறை உவமம் தெரிந்தவர்களுக்கு, சொல்லாமல் உள்ளே வைத்திருப்பது என்று உடனே புரியும்.

சிவகாமி:

ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45யு பிரிவு ரெப்போவை விளக்கும்போதே, திரும்ப வாங்கும் விலையில் கடனுக்கான வட்டியும் அடக்கம் என்கிறது. ஆகவே 'உள்ளுறை' பொருந்தத்தான் செய்கிறது. எனக்கு ஒரு தயக்கம்தான். பியூச்சர்ஸ் மேசைக்காரர்கள் 'இம்ப்ளைட் ரெப்போ' என்று சொல்வது வேறொன்றை. பத்திரத்தை இன்றைய விலைக்கு வாங்கி, பின்னொரு நாளில் தருவதாக பியூச்சர்ஸில் விற்றால், அந்த இரண்டு விலையிலிருந்து என்ன வட்டி கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அங்கே திரும்ப வாங்கும் பேச்சே கிடையாது. 'உள்ளுறை'யை அவர்களுக்கு விட்டுவிட்டு, இதற்கு 'விலைவழி வட்டி வீதம்' என்றால் என்ன? எப்படிக் கணக்கிட்டது என்பதும் பெயரிலேயே இருக்கும்.

ரஹீம்:

விலைவழி என்றால் கடன்பத்திரத்தின் சந்தை விலையிலிருந்து வரும் ஈவு என்று நினைப்பார்கள். நானே அப்படித்தான் படித்தேன்.

யோகநாதன்:

'மீள்கொள்வனவு' முன்னுக்கு நிண்டால் அந்தக் குழப்பம் வராது, ரஹீம். மீள்கொள்வனவு விலைவழி வீதம். நீளம்தான்.

மதிவாணன்:

கட்டத்தில் இடம் குறைவு. தலைப்பில் 'விலைவழி வட்டி வீதம்' என்று போட்டு, விளக்கத்தின் முதல் வரியில் மீள்கொள்வனவைச் சேர்க்கிறேன், பக்கத்தில் 365 நாள் என்றும். 'உள்ளுறை ரெப்போ வீதம்' பியூச்சர்ஸ் பகுதி வரும்வரை அப்படியே கிடக்கட்டும். கூப்பன் இடையில் வந்தால் இந்தச் சார்பு பொருந்தாது என்ற எச்சரிக்கைக்குச் சிவகாமி அம்மா இரண்டு வரி எழுதித் தந்தால் சேர்த்துவிடுகிறேன்.

முருகேசன்:

ஒத்தி உதாரணத்தையும் அதில் போடுங்கள். எனக்கு அதில்தான் விளங்கியது.