சுவிஸ் சொக்லேட்டில் வெள்ளை, பனங்கட்டியிலும் வெள்ளை: எதை உண்ணலாம், எதை வீசவேண்டும்?

பரந்தன் அம்மா

என் கணவரின் தங்கை சுவிஸிலிருந்து அனுப்பிய பொதி கொழும்பில் சில வாரங்கள் கிடந்துவிட்டு, வான் ஒன்றில் ஏறி நேற்றுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வெறும் கட்டிச் சொக்லேட், கொட்டை வைத்தது, உள்ளே கிறீம் நிரப்பியது என்று மூன்று வகை. பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம். "பூஞ்சணம் பிடித்துவிட்டது, பிள்ளைகளுக்குக் கொடுக்காதே" என்கிறார் மாமி. உறையில் உள்ள தேதி முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இதோடு இன்னொன்றும் கேட்கவேண்டும். அலமாரியில் வைத்திருந்த பனங்கட்டி கல்லாக இறுகிவிட்டது. அதிலும் ஆங்காங்கே வெள்ளை தெரிகிறது. இப்படிப் பார்த்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

மாங்குளம் தம்பி

அக்கா, பயப்படாதீர்கள். அது சொக்லேட்டின் கொழுப்பு மேலே வந்து படிந்தது. எங்களுக்குக் கனடாவிலிருந்து வந்ததும் இப்படித்தான் இருந்தது, எல்லோரும் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெள்ளை மறைந்துவிடும். சீனி அதிகம் உள்ள எந்தப் பொருளும் பழுதாகாது. தேதி போடுவது விற்பனைக்காக மட்டும்தான்.

வவுனியா கேக் அக்கா

தம்பி முதலில் சொன்னது சரி. பிறகு சொன்ன மூன்றையும் நான் ஏற்கமாட்டேன். கொழும்பில் சொக்லேட் தொழிற்சாலை ஒன்றின் தரம் பார்க்கும் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தேன். இப்போது வீட்டில் கேக் செய்கிறேன். அதனால் இந்த வெள்ளையை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

சொக்லேட்டில் வெள்ளை இரண்டு வழியில் வரும். முதலாவது வெயிலால் வருவது. கொக்கோ வெண்ணெய் 34 பாகையை நெருங்கும்போது முழுதாக உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். வன்னியில் சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய வானுக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். இரவில் மறுபடி இறுகும்போது கொழுப்பு பழைய ஒழுங்கில் சேராமல் மேற்பரப்பில் வேறு வடிவப் பளிங்காகப் படியும். இரண்டாவது ஈரத்தால் வருவது. குளிர்ந்த சொக்லேட்டைத் திடீரென்று வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் வியர்க்கும். அந்த நீர் மேலே உள்ள சீனியைக் கரைக்கும். நீர் காய்ந்ததும் சீனி மணல்போல அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் திறந்தபடி குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்வது பிழை. ஒரு வெள்ளை போகாது, அதன்மேல் இன்னொரு வெள்ளை சேரும்.

எது எது என்று விரலாலேயே பார்க்கலாம். வெள்ளை உள்ள இடத்தில் விரல் நுனியை வைத்து மெதுவாகத் தேயுங்கள். எண்ணெய்போல வழுவழுப்பாகி, அந்த இடம் மறுபடி கறுப்பாகப் பளபளத்தால் அது கொழுப்பு. சொரசொரப்பாக இருந்து, தேய்த்தும் மாறாமல், ஒரு துளி நீர் பட்டதும் கரைந்தால் அது சீனி. இரண்டையும் உண்ணலாம். சுவை சற்று மந்தமாக இருக்கும், வாயில் உடையும் விதமும் மாறியிருக்கும், அவ்வளவுதான். பூஞ்சணம் என்றால் பஞ்சுபோல எழும்பி நிற்கும், பெரும்பாலும் பச்சையோ நீலமோ கலந்திருக்கும், முகர்ந்தால் ஈரச்சாக்கு மணக்கும். வெறும் கட்டிச் சொக்லேட்டில் அதை நான் கண்டதே இல்லை. அதில் உள்ள நீர் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். அந்தக் கொஞ்ச நீரையும் சீனி தன்னோடு கட்டி வைத்திருக்கிறது. பூஞ்சணம் குடிக்க அங்கே நீர் இல்லை.

ஆனால் உங்களுடைய மூன்றையும் ஒன்றாக எண்ணாதீர்கள். கிறீம் நிரப்பியதை நடுவே வெட்டிப் பார்க்கவேண்டும். சில நிரப்புகளில் நீர் அதிகம், வெயிலில் உருகிக் கசிந்திருந்தால் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டேன். கொட்டை வைத்ததைக் கடித்துப் பார்க்குமுன் முகருங்கள். பழைய எண்ணெய் அல்லது வண்ணப்பூச்சு வாசம் வந்தால் கொட்டை காறிவிட்டது. மெல்லிய நூல்வலையோ சிறு துளையோ இருந்தால் உள்ளே அந்துப்பூச்சி போயிருக்கிறது.

முள்ளியவளைக் கடை

என்னுடைய கடையிலும் வெளுத்த சொக்லேட் ஒரு பெட்டி இருக்கிறது. தேதி முடிந்துவிட்டது. கேக் அக்கா சொல்வதைப் பார்த்தால் விற்கலாம் போலத் தெரிகிறது. அரை விலைக்குப் போட்டால் பிள்ளைகள் வாங்குவார்கள். இன்னொன்று: மாரி தொடங்கினால் என் உப்புச் சாக்குகள் அடியில் நீர் விடுகின்றன. அந்த உப்பு கெட்டுவிட்டதா?

வவுனியா கேக் அக்கா

அண்ணை, இங்கே கேட்டது ஒரு வீட்டில் உண்பதைப் பற்றி. தேதி முடிந்ததை விற்பது சட்டப்படி குற்றம், அது வெளுத்ததோ வெளுக்காததோ. பெட்டியை விநியோகித்தவருக்கே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.

உப்பு கெடாது. கடல் உப்பில் உப்போடு சேர்ந்து வரும் மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதனால்தான் சாக்கு அழுகிறது. தூய உப்பும் காற்றில் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் கரையத் தொடங்கும், வன்னி மாரியில் அது பல நாள் தாண்டும். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி வையுங்கள். அயடீன் சேர்த்த உப்பு என்றால் வடியும் நீரோடு அயடீனும் கொஞ்சம் போய்விடும். உண்ண ஆபத்து இல்லை, சேர்த்த பயன் குறையும்.

பரந்தன் அம்மா

விரலால் தேய்த்துப் பார்த்தேன். கட்டிச் சொக்லேட்டில் வெள்ளை உடனே உருகிப் பளபளத்தது. மாமியின் விரலையே பிடித்துத் தேய்க்க வைத்தேன், அப்போதும் அவர் முழுதாக நம்பவில்லை. அந்த வகையைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கொட்டை வைத்ததில் ஒரு பக்கற் காறல் வாசம் அடித்தது, மற்றது நன்றாக இருந்தது. கிறீம் வகையை வெட்டினேன். உள்ளே உள்ளது உறையோடு ஒட்டிப் பிசுபிசுத்தது. வீசிவிட்டேன். மனம் வலித்தது, அவள் அங்கே இரவு வேலை செய்து வாங்கி அனுப்பியது.

பூநகரிப் பனையடி

தங்கச்சி, பனங்கட்டிக்கு நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பனங்கட்டி காய்ச்சுவார்கள். இறுகுவது பழுது அல்ல, ஈரம் போய்விட்டது என்பதுதான். கோடையில் திறந்து வைத்தால் எல்லாம் கல்லாகும். குட்டானோடு சுத்தமான துணியில் சுற்றி அம்மிக்குழவியால் தட்டுங்கள். உடையாவிட்டால் இட்டலிச் சட்டியில் ஆவி பிடித்தால் இளகும். அதை உடனே பயன்படுத்திவிடவேண்டும், ஆவியில் ஏறிய ஈரத்தோடு திரும்ப டப்பாவில் போடக்கூடாது. பாயசத்துக்கு என்றால் கொதிநீரில் கரைத்து வடித்துவிடுங்கள். தூசி, ஓலைத்துண்டு எல்லாம் வடியில் நின்றுவிடும்.

வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பல்லில் நறநறவென்று இனித்தால் சீனிப் பளிங்கு, கல்லாக்காரம் உண்டாவதும் அப்படித்தான். பயப்படவேண்டியது மாரிகாலப் பனங்கட்டிக்கு. ஐப்பசி மழை தொடங்கினால் அது காற்றிலிருந்து நீரைக் குடித்து வியர்க்கும். வியர்த்த தோலில் இனிப்பு ஐதாகிவிடும், அங்கேதான் பூஞ்சணம் குடியேறும். புளித்த கள் மணம் வந்தால் உள்ளேயும் நொதித்துவிட்டது. எங்கள் ஆச்சி மேலே பிடித்ததைச் செதுக்கிவிட்டு மிச்சத்தைக் காய்ச்சி எடுப்பார். நாங்களும் அதையே செய்கிறோம்.

ஒட்டுசுட்டான் ஆசிரியர்

அப்படியானால் எது ஒருபோதும் பழுதாகாது? உப்பு, சீனி, வினாகிரி, தேன் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பக்கத்துக் காட்டுத்தேன் போத்தலில் உறைந்து சீனிபோல ஆகிவிட்டது. கலப்படம் என்று பலர் வீசுகிறார்கள்.

வவுனியா கேக் அக்கா

சேர், உங்கள் பட்டியல் சரி. உறைந்த தேன் நல்ல தேன்தான், போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகும். காட்டுத்தேனில் கவனிக்கவேண்டியது நுரை. அடை மூடுமுன் எடுத்த தேனில் நீர் கூட இருக்கும், அது நுரைத்துப் புளிக்கும். எந்தத் தேனையும் ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்கக்கூடாது. தேன் கெட்டதால் அல்ல. அதில் உறங்கும் கிருமி வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கக்கூடும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஈரம் இல்லாத பொருளில் கிருமி பெருகாது, ஆனால் செத்துவிடும் என்று பொருள் இல்லை. 2022இல் பெல்ஜியத் தொழிற்சாலை ஒன்றின் சொக்லேட்டால் பல நாடுகளில் பிள்ளைகளுக்குச் சல்மொனெல்லா தொற்றியது. அந்தச் சொக்லேட்டில் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. வெளுத்ததைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் வெளுக்காததை அப்படியே நம்புவதும் சரியில்லை. உற்பத்தியாளர் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் உண்ணாதீர்கள்.

பூநகரி அண்ணை, செதுக்கும் விடயத்தில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. கச்சானில் இதை எல்லோரும் அறிவோம், பூஞ்சணம் பிடித்த கச்சானை வறுத்தாலும் நஞ்சு நிற்கும்.

பூநகரிப் பனையடி

கச்சானை நானும் வீசுவேன். பனங்கட்டி கச்சான் அல்லவே. கல்லாக இறுகிய கட்டியில் பூஞ்சணம் தோலோடு நிற்கும், உள்ளே வேர்விட அங்கே நீர் இல்லை என்று நீங்களே மேலே சொன்னீர்கள். இளகிப் பிசுபிசுத்ததை நானும் செதுக்கமாட்டேன்.

வவுனியா கேக் அக்கா

கல்லாக இருந்து, ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் என்றால் உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அப்போதும் தடித்துச் செதுக்கவேண்டும், சின்னப் பிள்ளைக்கு நான் கொடுக்கமாட்டேன்.

பரந்தன் அம்மா

எங்களுடையது பல்லில் நறநறவென்று இனித்தது, பளிங்குதான். மீதிச் சொக்லேட்டை இந்த வெயிலில் எங்கே வைப்பது?

வவுனியா கேக் அக்கா

குளிர்சாதனப் பெட்டியில்தான், வேறு வழி இல்லை. ஆனால் உறையோடு காற்றுப் புகாத டப்பாவில் இறுக மூடி, மீன், கருவாடு இருக்கும் தட்டுக்கு விலக்கி வையுங்கள், கொழுப்பு வாசத்தை இழுக்கும். எடுக்கும்போது டப்பாவை உடனே திறக்கவேண்டாம். வெளிப்பக்கம் வியர்த்து, துடைத்த பிறகும் மறுபடி வியர்க்காத வரை மூடியே இருக்கட்டும். பிறகு திறந்து பிள்ளைகளுக்குப் பகிருங்கள்.