குத்தகை ஒப்பந்தங்களை அட்டவணையாக்கும்போது வெறும் புள்ளிக்கோட்டுக்கு என்ன போடுவது?

படுவான்கரை
என்னட்ட 212 வயல் குத்தகை ஒப்பந்தம் இருக்கு. எல்லாம் ஒரே அச்சுப் படிவம், பேனையால நிரப்பினது. 7ஆம் வாசகம் இப்படி: "முடிவுறுத்த விரும்பும் தரப்பு ........ மாத முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும்". ஒரு படிவத்தில புள்ளிக்கோடு அப்படியே வெறுமையாக் கிடக்கு. அட்டவணையில ஆனா 3 எண்டு இருக்கு. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள ஒப்பந்தங்களில 3. கை அதே ஓட்டத்தில அடிச்சிட்டுது. அந்த 3 இன்னும் கண்ணுக்க நிக்குது. இதை எப்படிப் பிடிக்கிறது?

கல்லடிப் பாலம்
எண்ணுக்கு மட்டும் ஒரு நிரல் வச்சா பிடிக்கேலாது. "இல்லை" எண்டதில மூண்டு வகை இருக்கு. வாசகமே இல்லாதது, வாசகம் இருந்து இடம் நிரப்பாமல் விட்டது, பக்கம் கிழிஞ்சோ மங்கியோ வாசிக்கேலாதது. மூண்டுக்கும் எண் `null` தான், ஆனா பிறகு செய்யிற வேலை வேற வேற. அதால நிலையைத் தனியா எழுதுங்க:

```json
{"notice": {"state": "blank", "value": null, "unit": "month",
 "quote": "........ மாத முன்னறிவித்தல்", "page": 2}}
```

`state` நாலில ஒண்டுதான்: `present`, `absent`, `blank`, `unread`. `quote` ஒப்பந்தத்தில உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. பிறகு சோதனை: `present` எண்டா எண் மேற்கோளுக்க இருக்கவேணும், எழுத்தில "மூன்று" எண்டு இருந்தாலும் சரி. உங்கட 3 இங்கதான் மாட்டுப்படும், அந்த மேற்கோளில புள்ளி மட்டும்தானே. "90 நாள்" எண்டு இருந்தா 3 மாதமாக்காதீங்க. அலகைத் தனியா வச்சு உள்ளதை உள்ளபடி போடுங்க.

`absent` தான் கரைச்சல், அதுக்கு மேற்கோள் காட்டேலாது. முன்னறிவித்தல், அறிவித்தல், நோட்டீஸ், முற்கூட்டி எண்டு நாலு சொல்லையும் முழுப் பிரதியிலயும் தேடுங்க, ஒப்பந்தத்துக்குக் கடைசியில வாற அட்டவணையும் சேர்த்து. அதுக்கு முன்னம் பக்கங்களை எண்ணுங்க. ஸ்கேனில 1, 2, 4 எண்டு வந்தா 3ஆம் பக்கத்து வாசகம் எல்லாம் "இல்லை" எண்டு போயிடும். அது `absent` இல்லை, `unread`.

நொத்தாரிசு கந்தோர் பக்கம்
இவ்வளவு பாடு எதுக்கு? ஒப்பந்தத்தில சொல்லாததைச் சட்டம் நிரப்பும். வாடகைச் சட்டம் 1972இன் 7ஆம் இலக்கம் இருக்கு, அதைப் பார்த்து எண்ணைப் போட்டிட்டுப் போகலாம்.

கல்லடிப் பாலம்
சட்டம் நிரப்பும் எண்டது பாதி சரி. ஆனா இந்த நிரல் கேக்கிறது ஒப்பந்தம் என்ன சொல்லுது எண்டு. சட்டம் சொல்றதை அதுக்க போட்டா, எந்த எண் தரப்பினர் எழுதினது, எந்த எண் நாம போட்டது எண்டு பிறகு பிரிக்கேலாது. வேணுமெண்டா `statutory` எண்டு வேற நிரல் போடுங்க. அதோட நீங்க சொன்ன சட்டம் கட்டடத்துக்கு. வயலுக்கு 2000இன் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தைத்தான் முதல்ல பார்க்கவேணும்.

சம்மாந்துறை நானா
எக்ஸல்ல வெறும் கட்டம் விட்டாப் போதாதா? நாங்க கடை வாடகை ஒப்பந்தத்துக்கு அப்படித்தான். ஆரும் பாண்டாஸ்ல ஏத்தினா மட்டும் பார்த்துக்கங்க, மனே. முழு எண் நிரலில ஒரு வெறுமை இருந்தா 3 எல்லாம் 3.0 ஆகிடும், `dtype="Int64"` கொடுத்தா நிக்கும். `fillna(0)` போட்டா அதைவிட மோசம். 0 மாதம் எண்டா "அறிவிக்காமலே எழுப்பலாம்" எண்டு அர்த்தம், அப்படி எழுதின ஒப்பந்தமும் இருக்கு. முற்பணத்துக்கும் அதே கதை, "முற்பணம் இல்லை" எண்டு எழுதினா 0, அந்தப் பேச்சே இல்லாட்டி வெறுமை. சராசரி எடுக்கேக்க வெறுமையை விட்டிட்டுக் கணக்குப் பார்க்கும், பூச்சியத்தைச் சேர்த்துக்கும். இன்னொண்டு, சிஎஸ்வியா மாத்தினா வெற்றுச் சரமும் `null`உம் ஒண்டாப் போயிடும். ஜேசன் பிரதியை அழிச்சிடாதீங்க.

படுவான்கரை
நானா, நான் கேட்டது எக்ஸல் இல்ல, ஆனா 0 விசயம் உதவும். திரும்பப் பார்த்தன். சோதனையில 9 மாட்டிச்சு, 6 புள்ளிக்கோடு. மற்ற 3உம் படிவமே இல்லை, ஒரு பக்கப் புதுப்பிப்பு ஒப்பந்தம். அதில "ஏனைய நிபந்தனைகள் மூல ஒப்பந்தத்தில் உள்ளவாறே" எண்டு மட்டும். மூலம் கோவையில இல்லை. இதுக்கு என்ன நிலை?

கல்லடிப் பாலம்
நான் `by_reference` எண்டு அஞ்சாவது போடுவன். மேற்கோளா அந்த வரி, எண் `null`. மூலம் கிடைச்ச அண்டைக்கு நிரப்பலாம்.

நொத்தாரிசு கந்தோர் பக்கம்
அதை ஏத்துக்க மாட்டன். அந்த வரியால மூல வாசகம் இந்த ஒப்பந்தத்துக்க வந்திட்டுது. மூலத்தைத் தேடாமல் வெறுமையா விட்டா, பார்க்கிறவன் வாசகமே இல்லை எண்டு நினைப்பான்.

படுவான்கரை
மூலம் ஆற்ற கையில எண்டு முதல்ல தேடவேணும். அதுவரைக்கும் மூண்டையும் புறம்பா வச்சிருக்கிறன்.