அப்துல் ரஹ்மானா, அப்துர் ரஹ்மானா?

காசிம்: பத்திரிகை ப்ரூஃப் வந்தாச்சு. ராத்திரி 9 மணிக்குள்ள பிரஸ்ஸுக்குச் சொல்லணும். பேரை மட்டும் பாருங்க.

ருகையா மாமி: மாப்பிள்ளை பேர் அப்துல் ரஹ்மான்னு இருக்கே. அப்துர்னுதானே ஓதுவாங்க?

நிஸார்: ஆமா மாமி. ரா சூரிய எழுத்து, லாம் போயிடும். அரபி வரியிலயும் எடுக்கச் சொல்லிட்டேன்: عبد رحمن

ஹாஜரா லாத்தா: நிஸார், உடனே பிரஸ்ஸுக்குப் போன் போடு. லாம் வாயிலதான் போகும், எழுத்துல போகாது. عبد الرحمن அப்படியே இருக்கணும். நீ எழுதினதுல 'அல்' இல்லாததால 'யாரோ ஒரு கருணையாளனோட அடிமை'ன்னு ஆயிடும்.

நிஸார்: 😮

ஹாஜரா லாத்தா: தாலுக்குப் பேஷ், 'அப்து'. அதோட சேர்த்து ஓதுறதால அலிஃபுக்குச் சத்தம் இல்ல. லாம் ராவுக்குள்ள கரைஞ்சு ரா இரட்டிக்கும், அதுக்குத்தான் ரா மேல ஷத்து. பிஸ்மில்லாஹிர் ரஹ்மான்னுதானே தினமும் ஓதுறோம், ஹில் ரஹ்மான்னு இல்லையே. ரப்பில் ஆலமீன்ல பாரு, ஐன் தொண்டையில பிறக்குது, அதனால லாம் நிக்குது. பொண்ணு பேர் நூருல் ஐனும் அப்படித்தான், தொடாதீங்க.

ஜமால் மச்சான்: பாஸ்போர்ட்ல அப்துல்னுதான் இருக்கு. எனக்கும் அதே. மாத்தணுமா?

ஹாஜரா லாத்தா: வேணாம் மச்சான். ஆவணத்துல பாஸ்போர்ட் எழுத்தே இருக்கட்டும்.

ருகையா மாமி: சூரியன்னதும் ஞாபகம் வருது, நிக்காஹ் அஸருக்கா மஃரிபுக்கா? போன கல்யாணப் பத்திரிகையில என் பேரே விட்டுப்போச்சு, அதையும் பாருங்க.

காசிம்: நேரம் ஷம்சு மாமாட்ட கேக்கணும்.

நிஸார்: லாத்தா, அப்போ பொண்ணு வாப்பா அப்துல் ஜப்பார்? ஜீமும் நாக்குலதானே பிறக்குது. அப்துஜ் ஜப்பாரா?

ஹாஜரா லாத்தா: இல்ல, ஜீம் சந்திர எழுத்து. லாம் நாக்கு நுனியில பிறக்குது. தா, தால், ரா, ஸீன், நூன்னு அதே பக்கத்துல பிறக்கிறதுதான் லாமை இழுத்துக்கும்.

நிஸார்: ஷீன் நடுநாக்குதானே? அது மட்டும் அஷ்ஷம்ஸ்னு இழுக்குதே.

ஹாஜரா லாத்தா: நல்லா பிடிச்சே. ஜீமும் ஷீனும் ஒரே மக்ரஜ், அதனால இடத்தை மட்டும் வச்சு ஜீமைப் பிடிக்க முடியாது, மனப்பாடம் பண்ணணும். பழங்காலத்துல ஜீமை 'க' மாதிரி சொன்னாங்க, அப்ப லாமோட ஒட்டல, அந்தப் பழக்கமே இன்னிக்கும் தங்கிடுச்சுன்னு மொழி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. சூரியன் 14, சந்திரன் 14. ஜீம் சந்திரன்.

காசிம்: மாமா பேர் 'ஷம்சுல் தீன்'னு அடிச்சிருக்காங்களே?

ஹாஜரா லாத்தா: ஷம்சுத்தீன். தால் சூரிய எழுத்து. அரபியில شمس الدين, லாமோடதான்.

நிஸார்: பிரஸ்ல சொல்லிட்டேன். லாம் திரும்ப வருது.

காசிம்: அரபி சரி. தமிழ்ல அப்துலா, அப்துரா?

ஜமால் மச்சான்: அப்துல்.

ருகையா மாமி: அப்துர். அஸரா மஃரிபா?

காசிம்: மாமா போன் எடுக்கல.