[கலைச்சொல்] வெப்ஹுக்: வலைக்கொக்கியா, நிகழ்வுத்தூதா?

அனுப்புநர்: பூங்கொடி

அனைவருக்கும் வணக்கம்.

இணையப் புத்தகக் கடைகளுக்கான ஒரு கட்டற்ற மென்பொருளின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பணம் செலுத்தும் பகுதியில் வெப்ஹுக் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வாடிக்கையாளர் பணம் கட்டியதும், ரேசர்பே மாதிரியான நிறுவனத்தின் சர்வர் நம் தளத்தில் நாம் சொல்லிவைத்த முகவரிக்குத் தானே ஒரு சேதி அனுப்புகிறதே, அந்த ஏற்பாடு.

முதலில் 'வலைக்கொக்கி' என்று போட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டினால், "கொக்கி போட்டு கரண்ட் எடுக்கிற மாதிரியா?" என்றார். அதிலிருந்து அந்தச் சொல்லைப் பார்த்தாலே திருட்டு மின்சாரம்தான் நினைவுக்கு வருகிறது. வேறு என்ன சொல்லலாம்? கூடவே வரும் சிக்னேச்சருக்குக் 'கையொப்பம்' போதுமா?

அனுப்புநர்: அருண்

வலைக்கொக்கியே இருக்கட்டும் அக்கா. 2007இல் இந்தப் பெயரை வைத்த ஜெஃப் லிண்ட்சே, நிரல்களில் ஏற்கெனவே இருந்த ஹுக்கைத்தான் வலைக்குக் கொண்டுவந்தார். மற்றவர் நிரலில் ஒரு நிகழ்வு நடக்கும் இடத்தில் நம் வேலையை மாட்டிவிடுகிறோம். மாட்ட ஒரு கொக்கி வேண்டும்தானே?

இன்னொன்று. சின்னக் கடைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. பணம் கட்டி முடிந்ததும் பிரவுசரே நம் 'நன்றி' பக்கத்துக்கு `razorpay_payment_id`, `razorpay_order_id`, `razorpay_signature` மூன்றையும் கொண்டுவந்து கொடுத்துவிடும். அதைச் சரிபார்த்தால் முடிந்தது. அந்தப் பகுதியைக் கையேட்டில் விட்டுவிடலாம்.

அனுப்புநர்: இராமநாதன்

அன்புள்ள பூங்கொடி,

பணம் வந்ததும் வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வருவதுதானே? அதற்குக் 'குறுஞ்செய்தி' என்ற நல்ல சொல் நிலைத்துவிட்டது. புதிதாக எதற்கு?

கையொப்பத்துக்கு மட்டும் ஒரு யோசனை. வந்தவன் உண்மையான தூதன்தானா என்று சீதை எப்படி அறிந்தாள்? அனுமன் காட்டிய கணையாழியால். 'கணையாழி' என்றே வைக்கலாமே.

அனுப்புநர்: நிலோஃபர்

இராமநாதன் ஐயா, அது வேறு. குறுஞ்செய்தியை மனிதர் படிக்கிறார். இங்கே ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் பேசுகிறது, நடுவில் ஆளே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன 'தூது' எனக்குப் பிடித்துவிட்டது.

அருண் சொன்னதில் பாதி சரி. பிரவுசர் கொண்டுவரும் சிக்னேச்சர் உண்மையானதுதான், சரிபார்க்கவும் வேண்டும். சிக்கல் என்னவென்றால், அது வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 450 ரூபாய்ப் புத்தகத்தை ஒருவர் பேருந்தில் போகும்போது வாங்குகிறார் என்று வையுங்கள். யூபிஐ செயலிக்குப் போய் பின் எண்ணைப் போடுகிறார், பணம் போய்விடுகிறது. திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விட்டது, அல்லது போன் அந்தப் பிரவுசர் தாவலை மூடிவிட்டது. நம் 'நன்றி' பக்கம் திறக்கவே இல்லை. அவர் கணக்கில் 450 குறைந்திருக்கும், நம் தளத்திலோ ஆர்டர் 'நிலுவை' என்றே கிடக்கும். அந்த நேரத்தில் நமக்கு விஷயம் தெரிய வழி, `payment.captured` என்ற நிகழ்வோடு வரும் வெப்ஹுக்தான். அதில் தொகை 45000 என்று இருக்கும், பைசாவில். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இனி நம்பகத்தன்மை. அந்த முகவரி இணையத்தில் திறந்து கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட எவரும் "450 ரூபாய் வந்தது" என்று ஒரு சேதியைத் தட்டிவிட்டுப் புத்தகம் வாங்கிப் போகலாம். அதனால் வெப்ஹுக்கைப் பதிவுசெய்யும்போதே நாமும் அவர்களும் ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்கிறோம். அவர்கள் சேதி முழுவதையும் அந்த ரகசியத்தோடு சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடையை `X-Razorpay-Signature` என்ற தலைப்பில் அனுப்புகிறார்கள். நாமும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறோம்:

```php
$body = file_get_contents('php://input');
$sent = $_SERVER['HTTP_X_RAZORPAY_SIGNATURE'] ?? '';
$calc = hash_hmac('sha256', $body, $secret);
if (!hash_equals($calc, $sent)) {
    http_response_code(400);
    exit;
}
```

இங்கே `$secret` என்பது வெப்ஹுக்குக்கென்று வைத்த ரகசியம். அருண் சொன்ன பிரவுசர் வழியில் பயன்படுவது ஏபிஐ சாவியின் ரகசியம். இரண்டையும் குழப்பிக்கொண்டு அரைநாள் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கணையாழிக்கு வருகிறேன் ஐயா. கணையாழி யார் கையில் இருந்தாலும் அதே கணையாழிதான். திருடிக்கொண்டு போய் வேறு சேதியையும் சொல்லிவிடலாம். இந்த முத்திரை அப்படியில்லை, சேதியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை மாறிவிடும். 'கையொப்பம்' என்பதிலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. என் கையொப்பத்தை நான் மட்டும்தான் போட முடியும். இங்கே ரகசியம் இரண்டு பக்கமும் இருப்பதால் பெறுகிறவரும் அதே முத்திரையை உருவாக்க முடியும். அனுப்பியது அவர்தான் என்று மூன்றாம் ஆளிடம் நிரூபிக்க இது உதவாது.

என் முன்மொழிவு: வெப்ஹுக் = நிகழ்வுத்தூது, சிக்னேச்சர் = சேதிமுத்திரை.

அனுப்புநர்: ஜோசப்

காற்புள்ளி என்றதும் என் கதை நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் தளத்தில் கூடுதல் விவரமாக வாடிக்கையாளர் பெயரையும் சேர்த்து அனுப்புவோம். ஆங்கிலத்தில் பெயர் கொடுத்தவர்களின் சேதி எல்லாம் சரியாக வந்தது. தமிழில் கொடுத்தவர்களுக்கு மட்டும் 400. இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையது. வந்த ஜேசனை முதலில் பிரித்து, பிறகு `json_encode` செய்து, அதன் மேல் கணக்குப் போட்டிருந்தேன். 'க' என்று வந்த எழுத்தை அது `\u0b95` என்று மாற்றிவிடுகிறது. பொருள் அதேதான், பைட்டுகள் வேறு. வந்ததை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டதும் சரியாகிவிட்டது.

அப்புறம், ஒரே ஆர்டருக்கு இரண்டு பார்சல் போனதும் நடந்தது. அதற்கும் முத்திரைக்கும் தொடர்பு உண்டா?

அனுப்புநர்: நிலோஃபர்

இல்லை ஜோசப். இரண்டாவது சேதியும் உண்மையானதுதான், முத்திரையும் பொருந்தும். சேதி வந்ததும் ரசீது பிடிஎஃப் உருவாக்கி, மின்னஞ்சல் அனுப்பி, அதற்கப்புறம்தான் 200 என்று பதில் சொன்னீர்களா? ரேசர்பே 5 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் சேரவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். 24 மணி நேரம்வரை இடைவெளியைக் கூட்டிக்கூட்டி முயலும்.

முத்திரையைப் பாருங்கள், சேதியைச் சேமியுங்கள், உடனே 200 சொல்லுங்கள். மற்ற வேலை பிறகு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் `x-razorpay-event-id` என்று ஓர் எண் வரும், மறுமுறை அனுப்பும்போதும் அதே எண்தான். அதைத் தரவுத்தளத்தில் ஒரே மதிப்பு இரண்டாம் முறை வர முடியாத புலமாக வைத்துவிட்டால் இரண்டாவது சேதி தானே தடைபட்டுவிடும். தொகையும் ஆர்டர் எண்ணும் நம் பதிவோடு ஒத்துப்போகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

அனுப்புநர்: அருண்

சரி அக்கா, பிரவுசரை மட்டும் நம்பக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் நிகழ்வுத்தூது எனக்கு ஒட்டவில்லை. தூது என்றால் வரும் சேதி. ஹுக் என்பது நாம் பதிந்து வைக்கும் ஏற்பாடு. "வெப்ஹுக் சேர்" என்று பொத்தான் இருக்கிறதே, அதைத் "தூது சேர்" என்றால் யாருக்குப் புரியும்?

அனுப்புநர்: இராமநாதன்

தவறாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும். கணையாழியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தம்பி அருண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தூது ஏற்பாட்டுக்குத் 'தூதுமுகவரி' எனலாமா?

அனுப்புநர்: பூங்கொடி

இப்போதைக்குச் சேதிக்கு 'நிகழ்வுத்தூது', முத்திரைக்குச் 'சேதிமுத்திரை' என்று கையேட்டில் போடுகிறேன். பொத்தானில் 'வெப்ஹுக்' என்றே விட்டுவைக்கிறேன், அங்கே தூதுமுகவரி நீளமாகிப் பெட்டியை விட்டு வெளியே நிற்கிறது. ஜோசப், உங்கள் `\u0b95` கதையை எச்சரிக்கைக் குறிப்பாகச் சேர்க்கலாமா?